ஓடாத படம் திரும்பி வரும் வழி

கேள்வி: "2000-ல் தேவதூதன் படுதோல்வி என்கிறார் அப்பா. 2024-ல் அதே படத்துக்குப் பாலக்காட்டில் டிக்கெட் கிடைக்காமல் திரும்பினேன். வந்தபோது ஓடாத படம் பிறகு எப்படிக் கொண்டாடப்படுகிறது? இந்த மாதிரிப் படங்களை எங்கிருந்து, எப்படிப் பார்க்கத் தொடங்குவது? – சித்தூர் தாலுகாவிலிருந்து"

நான் பல வருடம் சினிமா விநியோகத்தில் ரெப்பாக இருந்தவன். படப் பெட்டியோடு போய் இறங்குவது, காட்சிக்குக் காட்சி டிக்கெட் கணக்கைச் சரிபார்ப்பது, ராத்திரி அன்றைய வசூலைக் கம்பெனிக்குச் சொல்வது, இதுதான் வேலை. பொள்ளாச்சி, கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர், பாலக்காடு என்று எல்லையின் இரண்டு பக்கமும் அலைந்ததால் தமிழ்ப் படம் மலையாள ஊரில் எப்படிப் போகும், மலையாளப் படத்தைத் தமிழ்க் குடும்பங்கள் எப்போது வந்து பார்க்கும் என்பது ஓரளவு தெரியும். அப்புறம் ஃபிலிம் சொசைட்டியில் படம் போடும் வேலையும் பார்த்தேன். ஆகவே தியேட்டருக்குள் நடந்ததைப் பற்றி நான் சொல்வது நேரில் கண்டது. டிவியிலும் ஃபோனிலும் படம் பார்த்து ரசிகரானவர்களைப் பற்றிச் சொல்வது என் ஊகம். அந்த இரண்டையும் பிரித்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா சொல்லும் 'தோல்வி'யிலிருந்து தொடங்கலாம். ஒரு படம் ஓடவில்லை என்று விநியோகஸ்தர் சொல்வதும், தியேட்டர்காரர் சொல்வதும், ரசிகர் சொல்வதும் ஒன்றல்ல. கணக்குக்காக ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஒரு ஏரியாவை எம்.ஜி. என்ற குறைந்தபட்ச உத்தரவாதத் தொகையாக நாற்பது லட்சம் கொடுத்து எடுத்தவருக்கு, தியேட்டர் பங்கு போக முப்பது லட்சம்தான் ஷேராக வந்தது என்றால் அவருக்கு அது தோல்விப் படம். ஐந்து லட்சத்துக்கு வாங்கிய சின்னப் படம் எட்டு லட்சம் ஷேர் கொடுத்தால் அது வெற்றி. ஆனால் முதல் படத்தைப் பார்த்த கூட்டம் இரண்டாவதைப் பார்த்ததைவிடப் பல மடங்கு. பெரிய நட்சத்திரம், பெரிய செலவு, வித்தியாசமான கதை, மூன்றும் சேரும்போது படத்தின் விலை நட்சத்திரத்துக்கு ஏற்ப ஏறிவிடும், கூட்டம் கதைக்கு ஏற்பத்தான் வரும். இந்த இடைவெளியில் விழுந்த படங்கள்தான் பிற்பாடு அதிகமாகத் திரும்பி வருகின்றன. விழுந்தபோதே அவற்றைப் பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. யாருமே பார்க்காத படம் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கால வசூல் எண்கள் எதுவும் தணிக்கை செய்யப்பட்ட கணக்கு அல்ல. நானே எழுதி அனுப்பிய எண்கள் செய்தித்தாளில் வேறாக வந்ததுண்டு. இணையத்தில் பழைய படத்துக்கு 'இத்தனை கோடி நஷ்டம்' என்று துல்லியமாகப் போட்டிருந்தால் அதை நம்ப வேண்டாம். நாள், தேதி, எதிரே வந்த படம், இவற்றை நம்பலாம்.

மலையாளப் படமான தேவதூதனையே எடுத்துக்கொள்வோம். இந்தக் கதையை இயக்குநர் சிபி மலயிலும் எழுத்தாளர் ரகுநாத் பலேரியும் 1980-களின் தொடக்கத்திலேயே யோசித்துவிட்டார்கள். சிபி மலயிலின் முதல் படமாக வந்திருக்க வேண்டியது. அப்போது நடக்கவில்லை. பல வருடம் கழித்து சியாத் கோக்கர் தயாரிக்க முன்வந்தபோதும் பெரிய நட்சத்திரத்தை மனதில் வைத்து எழுதிய கதையாக அது இல்லை. மோகன்லால் உள்ளே வந்தார். அவருக்காகக் கதை மாறியது. படத்தை இன்று பார்த்தாலும் அந்தத் தையல் தெரியும். ஒரு பக்கம் கல்லூரிக் கலாட்டா, நகைச்சுவை. இன்னொரு பக்கம் கண் தெரியாத ஓர் இசைக்கலைஞன், அவனுக்காகக் காத்திருந்தே வயதாகிப்போன ஒரு பெண், தானாக ஒலிக்கும் ஓர் இசைக்கருவி. இதில் நாயகன் யாரையும் அடிப்பதில்லை, காதலியைக் கைப்பிடிப்பதும் இல்லை. இறந்தவனிடமிருந்து உயிரோடு இருப்பவளுக்குச் செய்தி கொண்டு வருகிறவன் அவன். தலைப்பு சொல்வதும் அதைத்தான்.

இப்போது தேதியைப் பாருங்கள். 2000 ஜனவரியில் மோகன்லாலின் நரசிம்மம் வந்தது. மீசை முறுக்கு, வசனம், அடிதடி என்று கேரளமே அதிர்ந்த படம். அதே வருடம் டிசம்பர் 22-ல் தேவதூதன். முதல் நாள் முதல் காட்சிக்கு வருவது யார்? நரசிம்மத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்த அதே பையன்கள். பேப்பர் கிழித்து வைத்துக்கொண்டு, தூக்கிப் போடுவதற்குக் காத்திருப்பவர்கள். அவர்களுக்குத் தூக்கிப் போட ஓர் இடமும் கிடைக்கவில்லை. வெளியே வந்து அவர்கள் சொன்னதுதான் மாலைக் காட்சிக்கு ஊரில் பரவியது. அவர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அவர்களுக்கு விற்கப்பட்டது ஒன்று, காட்டப்பட்டது வேறொன்று.

விற்றதும் காட்டியதும் வேறாக இருந்தால் மட்டும் ஒரு படம் செத்துவிடாது. சரியான ஆட்கள் வந்து சேரும்வரை அது தியேட்டரில் நின்றால் பிழைத்துக்கொள்ளும். நிற்க முடியாமல் போனதற்கு அன்றைய கேரள வெளியீட்டு முறையும் ஒரு காரணம். அப்போது புதுப் படம் பெரிய ஊர்களின் ஏ சென்டர் தியேட்டர்களில் மட்டும்தான் வரும். சித்தூர், கொழிஞ்சாம்பாறை மாதிரி ஊர்களுக்கு அதே பிரிண்ட்தான் சில வாரம் கழித்து வரும். ஏ சென்டரில் 'ஹோல்டோவர்' என்று ஒரு கோடு உண்டு. வசூல் தொடர்ந்து அதற்குக் கீழே போனால் தியேட்டர்காரர் படத்தை மாற்றிக்கொள்ளலாம். அமைதியான படத்துக்குக் குடும்பங்கள் வருவது பெரும்பாலும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைதான். பக்கத்து வீட்டில் ஒருவர் பார்த்து, அவர் சொல்லி, வீட்டில் நாள் பார்த்து, அப்புறம்தான் கிளம்புவார்கள். பையன்களின் தீர்ப்பால் முதல் வாரமே ஹோல்டோவர் ஆன படத்துக்கு அந்த இரண்டாவது ஞாயிறு கிடைப்பதில்லை. பெரிய ஊரில் தூக்கிய படத்தைச் சின்ன ஊர்க்காரர் பாதி விலைக்குத்தான் கேட்பார். வந்தாலும் மூன்று நாள்தான். உங்கள் தாலுகாவில் அன்று தேவதூதனைப் பார்க்க விரும்பியவர்கள்கூட அதைத் தியேட்டரில் பார்க்க வாய்ப்பு குறைவு.

ஆக, இந்த வகைப் படத்துக்கும் அதற்கான பார்வையாளருக்கும் சந்திப்பே நடப்பதில்லை. அந்தச் சந்திப்பு பிற்பாடு வேறு வழியில் நடக்கிறது. தேவதூதனுக்கு முதல் வழி பாட்டு. வித்யாசாகர் நமக்குத் தமிழில் நன்றாகத் தெரிந்த இசையமைப்பாளர். 'கரளே நின் கை பிடிச்சால்' படம் போன பிறகும் கேசட்டிலும் வானொலியிலும் நின்றது. அந்த வருடத்துக் கேரள அரசு விருதில் சிறந்த இசையமைப்பாளர் வித்யாசாகர்தான். மக்களுக்குப் பிடித்த, கலைத்தரமும் உள்ள படத்துக்கான விருதும் தேவதூதனுக்குத்தான் போனது. கூட்டம் வராத படத்துக்கு அந்த விருது கிடைத்ததை அப்போது பலர் விசித்திரமாகப் பார்த்தார்கள். இரண்டாவது வழி தொலைக்காட்சி. சேனல்காரர் நஷ்டப்பட்ட படத்தைக் குறைந்த விலைக்கு வாங்கியிருப்பார், அதனால் அடிக்கடி போடுவார். மழைக்கால மத்தியானத்தில் பள்ளி விடுமுறையில் ஒரு பிள்ளை அதைப் பாதியிலிருந்து பார்க்கும். அந்தப் பிள்ளைக்கு நரசிம்மம் பற்றிய எதிர்பார்ப்பு ஒன்றும் கிடையாது. அது படத்தை ஒரு பேய்க்கதையாக, ஒரு காதல் கதையாக, இருப்பதை இருக்கிறபடியே பார்த்தது. 2024-ல் பாலக்காட்டில் உங்களுக்கு முன்னால் டிக்கெட் வாங்கியவர்களில் பாதிப் பேர் அந்தப் பிள்ளைகளாக இருப்பார்கள் என்பது என் ஊகம்.

திரும்பத் திரும்பக் காட்டுவதன் வலிமையைத் தனியாகப் பிரித்துக் காட்டும் ஒரு சான்று அமெரிக்காவில் இருக்கிறது. 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' 1946-ல் வந்து, செலவை எடுக்காமல் போன படம். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி 28 வருடத்தில் பதிப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டும். 1974-ல் அதைச் செய்யாமல் விட்டுவிட்டார்கள். உடனே எல்லாத் தொலைக்காட்சி நிலையங்களும் காசு கொடுக்காமல் கிறிஸ்துமஸ் சமயத்தில் அதைப் போடத் தொடங்கின. சில வருடங்களில் அது அந்த நாட்டின் கிறிஸ்துமஸ் படமாகவே ஆகிவிட்டது. படத்தில் ஒரு ஷாட்கூட மாறவில்லை. ரசனை ஒரே வருடத்தில் தலைகீழாகவும் மாறியிருக்க முடியாது. மாறியது, படம் மக்களுக்குக் கிடைத்த விதம்தான். நம் பக்கம் பொங்கலுக்கு வந்து ஓடாத அன்பே சிவம் (2003) இன்று வீட்டுக்கு வீடு தெரிந்த படமாக இருப்பதற்கும் தொலைக்காட்சிதான் முதல் காரணம் என்று நினைக்கிறேன். அந்தப் படம் சுனாமியை முன்கூட்டியே சொன்னது என்று ஒரு பேச்சு உண்டு. படத்தில் நன்றாகப் படித்த ஒரு பாத்திரம் அந்தச் சொல்லைப் பேச்சில் பயன்படுத்துகிறது, அவ்வளவுதான். 2004 டிசம்பருக்குப் பிறகு அந்தக் காட்சியை எல்லாரும் தேடிப் பார்த்தார்கள் என்பது மட்டும் உண்மை. இந்த மாதிரிக் கதைகள் படத்தைச் சுமந்து செல்லும். படத்தை மதிப்பிட அவை உதவாது.

சரி, தொலைக்காட்சியில் பார்த்துவிட்டவர்கள் ஏன் மறுபடி டிக்கெட் வாங்கினார்கள்? தேவதூதன் இசையைப் பற்றிய படம். அந்தக் கருவி யாரும் தொடாமல் ஒலிக்கத் தொடங்கும் இடத்தைத் தொலைக்காட்சிப் பெட்டியின் சின்ன ஒலிபெருக்கியில் கேட்டவர்களுக்கு ஒரு குறை இருந்துகொண்டே இருந்தது. 2024 ஜூலை 26-ல் 4கே படமும் டால்பி அட்மாஸ் ஒலியுமாக அது வந்தபோது அந்தக் குறைதான் கூட்டமாக மாறியது. இரண்டாம் வாரத்தில் திரைகள் கூடின. 2000-ல் அதற்குக் கிடைக்காமல் போனது அந்த இரண்டாம் வாரம்தான்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. 2024-ல் வந்தது 2000-ல் வந்த அதே படம் இல்லை. மறுபடி எடிட் செய்து, நீளத்தைக் குறைத்த வடிவம் அது. நகைச்சுவைப் பகுதிகளில் நிறைய போய்விட்டன. நான் மேலே சொன்ன அந்தத் தையலின் ஒரு பக்கத்தைத்தான் வெட்டியிருக்கிறார்கள். அப்படியானால் 2000-ல் உட்கார்ந்திருந்தவர்கள் சலித்துக்கொண்டதில் ஒரு நியாயம் இருந்தது என்று இயக்குநரே ஒப்புக்கொண்ட மாதிரித்தான் எனக்குப் படுகிறது. 'அன்றைக்கு மக்களுக்குப் புரியவில்லை, இன்று புரிகிறது' என்ற வாக்கியத்தை நான் ஏற்காததற்கு இது ஒரு காரணம். காலத்துக்கு முந்திய படம் என்று சொல்வது எளிது, சோதித்துப் பார்க்க வழியில்லை. முதலில் தேதி, விலை, விளம்பரம், வடிவம் இவற்றைப் பாருங்கள். பெரும்பாலும் பதில் அங்கேயே இருக்கும். மிச்சம் ஏதாவது இருந்தால் அதற்கு மட்டும் ரசனை மாற்றத்தைக் காரணமாகச் சொல்லலாம்.

நாம் இருக்கும் எல்லைப் பகுதி இதைச் சோதிக்க நல்ல இடம். ஒரே படம் ஒரே காலத்தில் இரண்டு மொழிக்காரர்களிடம் இரண்டு விதமாகப் போவதைப் பார்க்கலாம். ஆந்திர எல்லையில், நகரி, புத்தூர் பக்கம் இருக்கும் நண்பர்களிடம் ஆயிரத்தில் ஒருவன் (2010) பற்றிக் கேளுங்கள். தமிழில் பொங்கலுக்கு வந்து, பெரிய செலவோடும் கலவையான பேச்சோடும் தடுமாறிய படம். அதே வருடம் 'யுகானிக்கி ஒக்கடு' என்ற பெயரில் தெலுங்கில் போய் நன்றாக ஓடியது. இரண்டும் ஒரே காலம்தான். அப்புறம் எப்படி அது காலத்துக்கு முந்திய படமாகும்? தமிழில் சோழன், பாண்டியன் என்றதும் பார்ப்பவர் மனதில் வரலாறு வந்து உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்கிறது. தெலுங்கில் அது ஒரு சாகசப் படம். விலையும் டப்பிங் படத்தின் விலை. இந்த இரண்டில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க முடியாது. ஆனால் இரண்டும் வேலை செய்தன என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தமிழில் அந்தப் படம் 2021 டிசம்பர் கடைசியில் மறுபடி தியேட்டருக்கு வந்தது.

நம் பக்கத்து உதாரணம் குணா. 1991 தீபாவளிக்குத் தளபதியோடு ஒரே நாளில் வந்தது. கமல் படம், ரஜினி படம், இளையராஜா இரண்டுக்கும். குணாவைப் படமாக்கியவர் மலையாளத்தின் வேணு, திரைக்கதை சாப் ஜான். அதனால் கேரளத்தில் சினிமா பேசுகிறவர்களுக்கு அது வேற்றூர்ப் படமாக இருந்ததே இல்லை. கொடைக்கானலில் 'டெவில்ஸ் கிச்சன்' என்றிருந்த குகைக்குக் குணா குகை என்றே பெயர் ஆனது. 2006-ல் கொச்சியிலிருந்து போன நண்பர்களில் ஒருவர் அங்கே விழுந்து மீட்கப்பட்ட சம்பவத்தை வைத்து 2024 பிப்ரவரியில் மஞ்ஞுமல் பாய்ஸ் வந்தது. 'கண்மணி அன்போடு' பாட்டு அந்தப் படத்தின் முடிவில் ஒலித்தபோது தமிழ்நாட்டு தியேட்டர்களில் ஜனங்கள் எழுந்து கை தட்டினார்கள். ஒரு மலையாளப் படம் 33 வருடத்துக்கு முந்திய தமிழ்ப் படத்துக்குப் புதுப் பார்வையாளரைக் கொண்டுவந்து சேர்த்தது. குணா தோல்வியா என்று கேட்டால் வியாபாரத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். சில ஊரில் நன்றாகவே போனது. தளபதியின் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் சிறுத்துப்போனது என்பதுதான் நான் ஒப்புக்கொள்ளும் விளக்கம்.

குணாவை மறுபடி வெளியிட நினைத்தபோது உரிமை யாருக்கு என்று வழக்கு வந்தது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிறகுதான் அது வெளியே வந்தது. எத்தனையோ படங்கள் திரும்பி வராமலே போவதற்கு இதுதான் காரணம். ஓடாத படத்தின் உரிமை கடனுக்கு ஈடாகக் கை மாறி, இன்னொரு கை மாறி, யாரிடம் பத்திரம் இருக்கிறது என்றே தெரியாமல் போய்விடும். நெகட்டிவ் லேபில் கிடக்கும். அசிடேட் ஃபிலிம் ஈரமும் சூடும் பட்டால் வினிகர் வாசம் அடிக்கத் தொடங்கும், சுருங்கும், வளையும். அந்த வாசம் வந்த பெட்டியை நான் திறந்திருக்கிறேன். பக்கத்துப் பெட்டிகளுக்கும் அது பரவும். டிஜிட்டல் வந்து லேப்கள் மூடப்பட்டபோது வெற்றிப் படத்தின் நெகட்டிவைத்தான் ஆள் வந்து எடுத்துப் போனார்கள். ஆகவே 'கல்ட்' என்று நாம் இன்று பேசும் படங்கள் எல்லாம் பிழைத்தவற்றிலிருந்து தேறியவை. தோற்ற நல்ல படங்கள் எல்லாம் ஒருநாள் மதிக்கப்படும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தோற்ற படங்களில் பெரும்பாலானவை தோற்கத் தகுந்தவையே என்பதும் பெட்டி சுமந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரியும். அதேபோல மறுவெளியீடு என்றாலே தோற்ற படம் என்றும் இல்லை. தேவதூதனுக்கு அடுத்த மாதமே மறுபடி வந்த மணிச்சித்திரத்தாழ் 1993-லேயே பெரிய வெற்றி.

இப்போது எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு வருகிறேன். 'பார்க்க வேண்டிய 50 கல்ட் படங்கள்' மாதிரிப் பட்டியலிலிருந்து தொடங்காதீர்கள். ஒரு படத்தை எடுங்கள், அது வந்த காலத்தில் ஜனங்களை இழுத்த எதிர்ப்படத்தை முதலில் பாருங்கள். முதலில் தளபதி, மறுநாள் குணா. முதலில் தூள், பிறகு அன்பே சிவம். முதலில் நரசிம்மம், பிறகு தேவதூதன். இது சின்ன வேலையாகத் தெரியும், ஆனால் வேறு எதைப் படித்தாலும் கிடைக்காத ஒன்று இதில் கிடைக்கும். பண்டிகைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிய ஒரு குடும்பம் எதைத் தேர்ந்தெடுத்தது, ஏன் தேர்ந்தெடுத்தது என்பது உங்களுக்கே புரியும். எதிர்ப்படம் மட்டம் என்ற எண்ணமும் போய்விடும். தளபதி மட்டமான படம் இல்லையே.

அடுத்தது வடிவம். நீங்கள் பார்க்கப்போவது முழுப் படம்தானா என்று தெரிந்துகொள்ள எளிய வழி இருக்கிறது. ஃபிலிமில் எடுத்த படங்களின் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழில் நீளம் மீட்டரில் எழுதியிருக்கும். 35 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்குச் சுமார் 27.4 மீட்டர் ஓடும். சான்றிதழில் 4,110 மீட்டர் என்றிருந்தால் 27.4-ஆல் வகுத்தால் 150 நிமிடம். உங்களிடம் இருக்கும் பிரதி 144 நிமிடம்தான் ஓடுகிறதா? பயப்பட வேண்டாம், ஒன்றும் வெட்டப்படவில்லை. தியேட்டரில் நொடிக்கு 24 ஃபிரேம், நம் தொலைக்காட்சி முறையில் 25. அதனால் பழைய டிவிடியிலும் டிவியிலிருந்து பதிந்த பிரதியிலும் படம் நூற்றுக்கு நான்கு பங்கு வேகமாக ஓடிவிடும், பாட்டின் சுருதியும் லேசாக ஏறியிருக்கும். ஆனால் அதே படம் 130 நிமிடம்தான் ஓடுகிறது என்றால் ஒரு கால் மணி நேரம் காணாமல் போயிருக்கிறது. பெரும்பாலும் இரண்டு பாட்டும் ஒரு நகைச்சுவைக் காட்சியும். ஓடாத படத்தில் இது இன்னும் அதிகம். முதல் வாரமே கூட்டம் இல்லை என்றால் விநியோகஸ்தர் சொல்லி ஆபரேட்டர் ரீலிலேயே வெட்டி எடுத்துவிடுவார். அந்தப் பிரிண்டிலிருந்து எடுத்த வீடியோதான் பிற்பாடு ஊரெல்லாம் சுற்றும். சான்றிதழே இல்லாமல் நேராகத் தலைப்பில் தொடங்கும் பிரதி என்றால் கொஞ்சம் எச்சரிக்கையாகவே பாருங்கள்.

நீளம் சரியாக இருந்தாலும் அகலம் குறைந்திருக்கலாம். சினிமாஸ்கோப் படத்தைப் பழைய சதுர டிவிக்காக இரண்டு பக்கமும் வெட்டியிருப்பார்கள். தொடக்கத்தில் பெயர்கள் ஓடும்போது எழுத்துகள் ஓரத்தில் அறுந்திருக்கிறதா, இரண்டு பேர் பேசும் காட்சியில் ஒருவரின் மூக்கு மட்டும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அந்தப் பிரதியை வைத்து ஒளிப்பதிவைப் பற்றி ஒரு முடிவுக்கும் வராதீர்கள். குணாவின் குகைக் காட்சிகளில் வேணு வெளிச்சத்தை எங்கே வைத்திருக்கிறார் என்பது அப்படி வெட்டிய, மங்கிய பிரதியில் பாதிதான் தெரியும்.

தேவதூதன் மாதிரி இரண்டு வடிவம் உள்ள படத்தில் புது வடிவத்தை முதலில் பார்த்துவிட்டுப் பழையதைத் தேடிப் பாருங்கள். எந்த இடத்தில் உங்களுக்குக் கை கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடம் புது வடிவத்தில் இருக்கிறதா, போய்விட்டதா? இந்த ஒப்பீடு 2000 டிசம்பரில் அரங்கத்துக்குள் என்ன நடந்திருக்கும் என்பதை வேறு எதையும்விட நன்றாகச் சொல்லும்.

அப்புறம், அந்த நாளைய விமர்சனங்கள். நூலகத்தில் ஆனந்த விகடன் பழைய தொகுப்பு இருந்தால் படம் வந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் வந்த இதழ்களைப் புரட்டுங்கள். அவற்றில் மதிப்பெண்ணும் போட்டிருப்பார்கள். கேரளத்தில் சினிமாப் பத்திரிகைகளின் பழைய இதழ்கள் வாசகசாலைகளில் இன்னும் கிடக்கின்றன. பல தோல்விப் படங்களை அன்றைய விமர்சகர்கள் பாராட்டியே எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள். 'அன்று யாரும் மதிக்கவில்லை' என்ற பேச்சில் எவ்வளவு உண்மை என்று நீங்களே அளந்துகொள்ளலாம்.

பெரியவர்களிடம் கேட்பதும் நல்லது, ஆனால் கேட்கும் விதம் முக்கியம். 'அந்தப் படம் ஓடுச்சா?' என்று கேட்டால் பிற்பாடு கேள்விப்பட்டதைத்தான் சொல்வார்கள், நினைவு அப்படித்தான் வேலை செய்யும். எந்த தியேட்டரில் பார்த்தீர்கள், எந்தக் காட்சி, யாரோடு போனீர்கள், இடைவேளையில் யாராவது எழுந்து போனார்களா, அடுத்த வாரம் அங்கே என்ன படம் போட்டார்கள் என்று கேளுங்கள். உங்கள் அப்பாவிடமும் இப்படிக் கேட்டுப் பாருங்கள். அவர் தேவதூதனைப் பாலக்காட்டு ஏ சென்டரில் முதல் வாரத்தில் பார்த்தாரா, சித்தூரில் பிறகு வந்த பிரிண்டில் பார்த்தாரா, இல்லை பார்க்காமலே தோல்வி என்று கேள்விப்பட்டாரா என்பதைப் பொறுத்து அவர் சொல்லும் 'படுதோல்வி'யின் பொருளே மாறும். பழைய ஆபரேட்டர் யாராவது உங்கள் ஊரில் இருந்தால் முதலில் அவரிடம் போங்கள். எந்த ரீலில் வெட்டினோம் என்பது அவர்களுக்கு இன்றும் ஞாபகம் இருக்கும்.